பெயரை மறைத்துப் படியுங்கள்

(உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பயிற்சியில் ஆற்றிய உரை)



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள். "உங்களைப் பற்றி எழுதுங்கள்" என்று ஒரு பகுதி இருந்தது. பிள்ளைகள் திணறியதால் நானே ஒரு மாதிரிக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். நேர்காணலில் ஒரு மாணவனிடம், "சமூக சேவையில் ஆர்வம் என்று எழுதியிருக்கிறாயே, என்ன செய்தாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அது என் வாக்கியம். உதவித்தொகை அவனுக்குக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் சோதனை எளிமையானது. கட்டுரையில் பெயரை மறைத்துவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, "இதே வகுப்பில் இன்னொருவர் இதன் கீழ் கையெழுத்துப் போட முடியுமா?" என்று கேட்பேன். முடியுமென்றால் பென்சிலால் அடிக்கோடிடுவேன். "சிறுவயது முதலே எனக்குக் கல்வியில் ஆர்வம்", "கடின உழைப்பே வெற்றி தரும்", "நான் படித்து நாட்டுக்குச் சேவை செய்வேன்" எல்லாம் கோட்டுக்கு மேலே வந்துவிடும். "என் குடும்பம் ஏழ்மையானது" என்பதும் அப்படித்தான். அது உண்மையே. ஆனால் வருமானச் சான்றிதழ் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டது.

சென்ற ஆண்டு ஒரு மாணவியின் கட்டுரையில் முழுப் பக்கமும் அடிக்கோடாகிவிட்டது. பொருளியல் படிக்க விண்ணப்பித்தவள். "விவசாயிகளின் வாழ்வை உயர்த்த விரும்புகிறேன்" என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை. "எந்த விவசாயி?" என்று மட்டும் கேட்டேன். "எங்கம்மாதான் சார். மாடு வச்சிருக்காங்க" என்றாள். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வந்தது.

அவர்கள் பால் ஊற்றும் சங்கத்தில் கொழுப்பு அளவைப் பார்த்துத்தான் விலை போடுவார்கள். காலைப் பாலுக்கு எப்போதும் லிட்டருக்கு விலை குறைவு. சங்கத்தில் ஏமாற்றுகிறார்கள் என்று அம்மாவுக்குச் சந்தேகம். மகளுக்கும்தான். பால் அட்டையிலிருந்து 40 நாள் கணக்கை நோட்டில் எழுதினாள். காலையில் கொழுப்பு 3.7, 3.8, மாலையில் 4.3, 4.4. பக்கத்து வீட்டு அட்டையிலும் அதே போக்கு. கால்நடை மருத்துவரிடம் கேட்டிருக்கிறாள். மாலை மூன்று மணிக்குக் கறந்தால் மறுநாள் காலை ஐந்து மணி வரை 14 மணி நேர இடைவெளி; காலைக்கும் மாலைக்கும் இடையே 10 மணி நேரம்தான். நீண்ட இடைவெளியில் பால் கூடும், கொழுப்பு விகிதம் குறையும் என்று அவர் விளக்கியிருக்கிறார்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "நான் நினைச்சது தப்பாப் போச்சே சார்" என்றாள்.

அந்தத் தப்புதான் கட்டுரையின் உயிர். அவள் ஒன்றைச் சந்தேகித்தாள், தானே கணக்கெடுத்தாள், தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டாள். புதிய கட்டுரையின் கடைசியில், "விலை எப்படி முடிவாகிறது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. மற்ற பொருள்களுக்கு விலை எப்படி முடிவாகிறது என்று படிக்க வேண்டும்" என்று எழுதினாள். பொருளியலுக்கு ஏன் வருகிறாள் என்பது அதிலேயே இருக்கிறது. நான் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினேன். நேர்காணலில் பாலைப் பற்றியே பத்து நிமிடம் கேட்டார்களாம். அவள் தடுமாறவில்லை. இடமும் கிடைத்தது.

ஓர் எச்சரிக்கை. சம்பவம் இருந்தாலே உண்மையான கட்டுரை ஆகிவிடாது. 2007ஆம் ஆண்டில், பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் விண்ணப்பக் கட்டுரைகளைக் கணினி மூலம் ஒப்பிட்டது. எட்டு வயதில் பைஜாமாவைச் சுட்டு ஓட்டையாக்கிய கதை 234 கட்டுரைகளில் இருந்தது! மாதிரி ஒன்றிலிருந்து பரவிய கதை அது. ஆகவே இந்தப் பால் கதையையும் உங்கள் மாணவர்களிடம் மாதிரியாகக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு மாவட்டம் முழுக்கப் பால் அட்டைகளாக வரும்.

சம்பவம் சொந்தமானதா என்று தெரிந்துகொள்ள, கட்டுரையில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள். "நோட்டில் எந்த நாளாவது விடுபட்டதா?" என்று அவளிடம் கேட்டேன். "மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போன ரெண்டு நாள் சார்" என்று உடனே சொன்னாள். செய்தவருக்கு எழுதியதைவிட அதிகம் தெரிந்திருக்கும். கடன் வாங்கியவருக்கு எழுதியது மட்டுமே தெரியும்.

மாணவருக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பேனாவை அவர்களிடமே விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல விரும்பாத வீட்டுத் துயரத்தைத் தோண்ட வேண்டாம். ஒரு நோட்டுக் கணக்கே போதும்.