டிராயிங் தாளில் '4 பிளேசஸ்', 'டிப்பிக்கல்'
(தொழில் பயிலும் மாணவர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் டிராயிங் தாளைப் படித்தே ஆக வேண்டியிருக்கிறது. காகிதத்தில் பிழையானால் அழித்து எழுதலாம். இரும்பில் இட்ட துளையை அழிக்க இயலாது. ஆகவே அத்தாளில் வரும் இரு சிறு குறிப்புகளைப் பற்றி மட்டும் கூற விழைகிறேன்.

ஒரே மாதிரித் துளைகள் பல இருப்பின், வரைபவர் ஒன்றிற்கு மட்டும் அம்புக்கோடு இட்டு, அளவுடன் '4 பிளேசஸ்' என்று எழுதுவார். புதிய தாள்களில் இதுவே '4 எக்ஸ்' என முன்னால் வருகிறது. 'டிப்பிக்கல்' என்பதோ, தனி அளவு பெறாத, இதையொத்த மற்ற இடங்களுக்கும் இதே அளவு என்கிறது. எத்தனை இடம் என்று சொல்வதில்லை. முன்னதில் எண்ணிச் சரிபார்க்க வழியுண்டு. பின்னதில் நாமே தேடிக் காண வேண்டும். எனக்குப் பின்னதன் மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 220 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலமுள்ள ஒரு தகடு. மேலிருந்து பார்த்த படத்தில் ஆறு வட்டங்கள் உள்ளன. இடது மேல் மூலை வட்டத்தில் 'விட்டம் 14, 4 பிளேசஸ்' என்றும், நடுவிலுள்ள ஒன்றில் 'விட்டம் 10, 2 பிளேசஸ்' என்றும் உள்ளது. நான்கும் இரண்டும் ஆறு, கணக்கு நேராகிறது. எண்ணிய வட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி இடுவது நல்லது. பக்கவாட்டுப் படத்தில் விட்டுவிட்ட கோடுகளாய்த் தெரிபவை அதே துளைகளே. அவற்றை மீண்டும் எண்ணலாகாது. '4 பிளேசஸ்' ஒரு தகட்டுக்கானது. ஆறு தகடுகள் கேட்டிருந்தால் 14 மி.மீ. துளைகள் மொத்தம் 24.

இனி, இடது விளிம்பிலிருந்து மூலைத் துளையின் மையத்துக்கு '20 டிப்பிக்கல்' என்றிருக்கிறது. வலப்பக்கத்தில் வேறு அளவு இல்லையெனில் அங்கும் 20தான். இரு மையங்களுக்கு இடையே 220இல் 40 போக 180. ஆனால் வலப்பக்கத்தில் தனியே 30 என்று எழுதியிருந்தால், அங்கே டிப்பிக்கல் செல்லாது. இடைவெளி 170 ஆகிவிடும். அதைக் கவனியாமல் 180 என்று துளையிட்டால் போல்ட் இறங்காது, தகடு பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

மேல், கீழ் விளிம்புகளுக்கும் அந்த 20 பொருந்துமா? அகலவாக்கில் மையத்துக்கு மையம் 80 என்று எங்கேனும் எழுதியிருந்தால், 120இல் 40 போக 80, பொருந்துகிறது. எழுதவில்லையெனில் தாளின் மீது ஸ்கேல் வைத்து அளப்பது கூடாது. நகலெடுக்கையில் படம் சுருங்கியிருக்கலாம். செண்டர் பஞ்ச் அடிப்பதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் கேட்டு, அவர் கூறும் அளவை அத்தாளிலேயே எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும்.