ஊசி காட்டுவதும் அச்சு விலகியதும்



நம்மவர் பலர் இங்கே உலோகப் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். ஒரு உருப்படியின் இரு துளைகளும் ஒரே அச்சில் இருக்கவேண்டும் என்று வரைபடம் கேட்கும். பக்கத்தில் விட்டக் குறியுடன் 0.04 மில்லிமீற்றர் என்றிருக்கும். அது விட்டம் என்பதால், இரண்டாம் துளையின் அச்சு எந்தப் பக்கமும் 0.02 வரைதான் விலகலாம்.

முதல் துளை ஆடாமல் சுழலும்படி உருப்படியைப் பிடித்து, இரண்டாம் துளைக்குள் டயல் இன்டிக்கேற்றரை வைத்துச் சுழற்றுகிறோம். ஊசி மொத்தம் 0.03 அசைகிறது. 0.02ஐத் தாண்டிவிட்டதென்று கழித்துவிடலாமா? கூடாது. நல்ல உருப்படிகள் குப்பைக்குப் போவது இப்படித்தான். அச்சு 0.015 விலகினால் துளையின் சுவர் அவ்வளவு கிட்ட வரும், அரைச் சுற்றில் அவ்வளவு எட்டப் போகும். கணக்கில் ஒரு தொகையைப் பக்கம் மாற்றி எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாவது போலத்தான். ஆகவே ஊசியின் மொத்த அசைவை நேரே 0.04 உடன் ஒப்பிடுங்கள். துளை சரிந்திருக்கலாம் என்பதால் மறுமுனையிலும் பாருங்கள்.

ஒரு சுற்றில் ஊசி இரண்டு தரம் ஏறி இறங்கினால் துளை நீள்வட்டமாயிருக்கிறது. அந்த அசைவை அச்சு விலகலாக எண்ணாதீர்கள்.