மாப்ள, அந்த மெசேஜ் உனக்கு ஏன் வந்துச்சு?

இந்த எபிசோடுல கெஸ்ட் யாரும் இல்ல. எங்க மாமா எழுதின ஒரு லெட்டரைத்தான் படிக்கப் போறேன். அவர் திருவையாறு பக்கம் விவசாயம் பாக்குறார். அதுக்கு முன்னாடி கூட்டுறவு சங்கத்துல முப்பது வருஷம் கணக்கு எழுதினவர். நான் இருக்கிற ஒரு டெலிகிராம் குரூப்ல வந்த டிப்பை அவருக்கு ஃபார்வர்ட் பண்ணி, அம்மாவோட குறுவை நெல்லுப் பணத்துல ஒரு லட்சம் இதுல போடலாமான்னு கேட்டிருந்தேன். பதில் தபால்ல வந்துச்சு. அவர்கிட்ட கேட்டுட்டு, சில குடும்ப விஷயங்களை மட்டும் எடுத்துட்டுப் படிக்கிறேன்.

மாப்ளைக்கு,

நீ அனுப்பினதைப் படிச்சேன். ‘இன்னும் ரெண்டு நாள்ல 40 சதவீதம், இப்பவே வாங்கு’ன்னு இருந்துச்சு. முதல் ரெண்டு டிப்பும் பலிச்சுதுன்னு நீ எழுதியிருந்த. அதை நான் நம்புறேன். பலிக்கத்தான் செய்யும். எப்படின்னு சொல்றேன்.

முதல்ல ஒரு லட்சம்னா என்னன்னு பாத்துக்க. 2025 செப்டம்பர்ல இருந்து கொள்முதல் நிலையத்துல பொது ரக நெல்லு குவிண்டால் 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டை ஆயிரம் ரூபாய் ஆகுது. அப்ப உன் ஒரு லட்சம் நூறு மூட்டை. அந்த நூறு மூட்டையை மனசுல வச்சுக்கிட்டே படி.

2022 ஜனவரில செபி ஒரு உத்தரவு போட்டுச்சு. bullrun2017னு ஒரு டெலிகிராம் சேனல், சுமார் ஐம்பதாயிரம் பேர் அதுல இருந்தாங்க. அதை நடத்தின விவகாரத்துல ஆறு பேரை சந்தைக்குள்ள வரக்கூடாதுன்னு நிறுத்தி, 2.84 கோடி ரூபாயை முடக்கினாங்க. செபி சொன்ன குற்றச்சாட்டு ரொம்ப எளிமையானது. பங்கை முன்னாடியே வாங்கி வச்சுக்கிட்டாங்க, அப்புறம் ‘வாங்குங்க’ன்னு சேனல்ல போட்டாங்க, விலை ஏறினதும் வித்துட்டாங்க. அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கும்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். இது நான் போட்ட உதாரணம், அந்த வழக்கோட எண் இல்ல. ஒரு சின்னக் கம்பெனி, பங்கு 40 ரூபாய். ஒரு நாளைக்கு பத்தாயிரம் பங்குதான் கை மாறுது. ஏன் சின்னதா பாத்து எடுக்குறாங்கன்னா, பெரிய கம்பெனி பங்கை ஐம்பதாயிரம் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. இவங்க பல பேர் கணக்குல, அவசரப்படாம, ஒரு லட்சம் பங்கு சேத்துடுறாங்க. சராசரி 42 ரூபாய் விழுந்திருக்கும்.

இப்ப அவங்களுக்கு ஒரு சிக்கல். நாளைக்கு பத்தாயிரம்தான் விக்கிற இடத்துல ஒரு லட்சத்தை எப்படி விக்கிறது? வித்தா விலை சரிஞ்சுடும். அதனால ஆள் வேணும். ஐம்பதாயிரம் பேருக்கு மெசேஜ் போகுது. நூத்துக்கு ஒருத்தன் வாங்கினாப் போதும், ஐந்நூறு பேர். ஆளுக்கு 200 பங்குன்னா சரியா ஒரு லட்சம். இப்பப் புரியுதா, அந்த மெசேஜ் உனக்கு ஏன் வந்துச்சுன்னு?

ஐந்நூறு பேரும் ஒரே நேரத்துல வாங்கப் போறதாலதான் விலை ஏறுது. டிப் பலிச்சதுன்னு நீ நினைக்கிற. நீயும் மத்தவங்களும் வாங்கினதுதான் அதைப் பலிக்க வச்சுது. அவங்க 54 ரூபாய்க்கு வித்தாங்கன்னு வை, பன்னெண்டு லட்சம் லாபம். அது ஒண்ணும் கம்பெனி சம்பாதிச்சுக் கொடுத்த லாபம் இல்ல, குரூப்ல இருந்த பசங்களோட பணம்.

‘இறங்க ஆரம்பிச்சா உடனே வித்துட்டு வெளிய வந்துடுவேன் மாமா’ன்னு நீ சொல்லுவ. அங்கதான் இடிக்குது. ஐப்பசி மழைல நம்ம களத்துல நெல்லு கிடந்தது உனக்குத் தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிட்டா எடுக்க மாட்டாங்க. போர்டுல விலை என்னமோ 2,500ன்னுதான் எழுதியிருக்கும். அந்த விலைக்கு வாங்கத்தான் ஆள் இல்ல. வரிசைல உக்காந்து தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம்.

பங்குல அதுக்குப் பேரு லோயர் சர்க்யூட். இந்த மாதிரி பங்குக்கு பல நேரம் ஒரு நாள்ல 5 சதவீதத்துக்கு மேல இறங்கக் கூடாதுன்னு வரம்பு இருக்கும். கேக்கப் பாதுகாப்பு மாதிரி தெரியும். ஆனா காலைல சந்தை திறந்ததும் 54 ரூபாய் பங்கு 51.30க்குப் போய் நின்னுடும், விக்க ஆயிரம் பேர், வாங்க ஒருத்தன் இல்ல. உன் ஆர்டர் வரிசைல கிடக்கும், சாயந்திரம் கேன்சல் ஆகும். மறுநாள் 48 சொச்சம். நீ ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் வாங்குறவன் இல்லாம அது நடக்காது. ஆறு நாள் இப்படிப் போனா 40க்கும் கீழ வந்துடும். அப்பத்தான் உனக்கு ஆள் கிடைச்சுதுன்னா, 54ல போட்ட ஒரு லட்சத்துல 26,000 ரூபாய்க்கு மேல போயிருக்கும். இருபத்தாறு மூட்டை மாப்ள. நாத்து விட்டு, களை எடுத்து, அறுத்த இருபத்தாறு மூட்டை.

சாத்னா பிராட்காஸ்ட்னு ஒரு கம்பெனி விஷயத்தையும் பாரு. அது யூடியூப் வழியா நடந்தது, வழி ஒண்ணுதான். 2022 ஜூலைல வீடியோ போட்டாங்க, ஒரு அமெரிக்கக் கம்பெனி நாலு பக்திப் படம் எடுக்க 1,100 கோடி கொடுக்கப் போகுதுன்னெல்லாம். அந்தச் சமயத்துல சிறு பங்குதாரர் எண்ணிக்கை 2,167ல இருந்து 55,343 ஆச்சுன்னு 2023 மார்ச்ல செபி எழுதினாங்க. அந்தப் புதுசா வந்த ஐம்பத்து மூவாயிரம் பேரையும் நான் நினைச்சுப் பாக்குறேன். அவங்களுக்கு வித்தவங்க யாரு? செபி பணத்தை முடக்குச்சுங்கிறது நல்ல சேதிதான், ஆனா அது வாங்கினவன் கணக்குக்கு நேரா திரும்பி வந்துடாது.

இப்ப உன் பங்குக்கு வரேன். நீ அனுப்பின பேரை பிஎஸ்இ வெப்சைட்ல போட்டு, பழைய விலைப் பட்டியலைப் பாத்தேன். மெசேஜ் வந்தது செவ்வாய்க்கிழமை. வழக்கமா கை மாறுற அளவைப் போல நாலு மடங்கு, அதுக்கு ஒன்பது வர்த்தக நாள் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. விலையும் மெல்ல ஏறியிருக்கு. அதே நாட்கள்ல கம்பெனி ஏதாவது அறிவிச்சிருக்கான்னு அறிவிப்புப் பக்கத்துல தேடினேன், ஒண்ணும் இல்ல. இதுவே மோசடிக்குச் சாட்சின்னு நான் சொல்ல வரல. உனக்கு முன்னாடி யாரோ சத்தமில்லாம வாங்கியிருக்காங்கன்னு மட்டும் தெரியுது. நீ ஒரு தடவை அந்தப் பட்டியலை உன் கண்ணால பாரு, பத்து நிமிஷ வேலை.

குரூப் நடத்துறவர் செபில பதிஞ்சவர்னு நம்பர் போட்டிருக்கார். ஆராய்ச்சி அனலிஸ்ட்டுன்னா INHனு ஆரம்பிக்கும், அது சரியாத்தான் இருக்கு. செபி தளத்துல அந்த நம்பரைத் தேடினா வேற ஊர்ல வேற ஒருத்தர் பேர் வருது, மெயிலும் வேற. அடுத்தவன் நம்பரை எடுத்துப் போட்டிருக்கான் போல.

அக்காகிட்ட நான் எதுவும் சொல்லல. அவங்க சம்பாவுக்கு உரம் வாங்கக் காசு எடுத்து வைக்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. பொங்கலுக்கு வரப்ப நேர்ல பேசுவோம். பஸ்ல வந்தா கும்பகோணம் வழியா வா, தஞ்சாவூர் ரோட்டுல வேலை நடக்குது.

இப்படிக்கு, மாமா.

அவ்வளவுதான் லெட்டர். நான் அந்தப் பட்டியலைப் பாத்தேன். ஒன்பது நாள்னு மாமா சொன்னது சரிதான். பணத்தைப் போடல. அந்தப் பங்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்ற வரைக்கும் நாலு நாளா லோயர் சர்க்யூட்ல இருக்கு. குரூப்ல ‘ஹோல்ட் பண்ணுங்க’ன்னு மெசேஜ் வந்துச்சு. கேள்வி கேட்ட ரெண்டு பேரை ரிமூவ் பண்ணிட்டாங்க.