ஆறாயிரம் ரூபாயை எப்படிப் பிரிப்பது?

ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாவது பேச்சுவார்த்தை அறையில். அதன் ஆயுள் தெரியவருவது ஆலை வாசலில். சங்கத் தலைவர் கேட் மீட்டிங்கில் நின்று ஒவ்வொரு ஷரத்தையும் தொழிலாளர்களுக்கு விளக்கி, எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடிந்தால் அந்த ஒப்பந்தம் காலக்கெடு முடியும்வரை நிற்கும். அவர் தடுமாறினால், அடுத்த மாதமே ஓவர்டைமுக்கு ஆள் வராது. லைனில் வேலை மெல்ல நகரும். ஆகவே நிர்வாகத்தின் சார்பில் பேச உட்காருபவரிடம் இரண்டு கணக்குகள் இருந்தாக வேண்டும். இந்தத் தொகையால் ஆலைக்கு ஆகும் செலவு என்ன? இதே தொகையைச் சங்கம் வாசலில் எப்படிச் சொல்லும்? முதல் கணக்கைப் போடாத நிர்வாகம் கிடையாது. இரண்டாவதைப் போடும் நிர்வாகங்கள் குறைவு.

300 நிரந்தரத் தொழிலாளர்கள் வேலை செய்யும் ஓர் உதிரிபாக ஆலையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பழைய ஒப்பந்தம் மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரி, மாதம் 12,000 ரூபாய் உயர்வு. நிர்வாகம் 3,500-ல் தொடங்குகிறது. பல சுற்றுகளுக்குப் பிறகு, மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து 6,000 ரூபாய் என்ற இடத்துக்கு இரு தரப்பும் வந்து சேர்கின்றன. எண் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுபவர்கள் உண்டு. உண்மையான பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டாயிரம் என்று சமமாகப் பிரித்தால், மூன்று ஆண்டுகளில் ஒரு தொழிலாளி கூடுதலாகப் பெறுவது 1,44,000 ரூபாய். முதல் ஆண்டு 3,000, அடுத்த இரண்டு ஆண்டுகளும் தலா 1,500 என்று பிரித்தால் 1,62,000 ரூபாய். ஆளுக்கு 18,000 ரூபாய் வித்தியாசம்; 300 பேருக்கு 54 லட்சம். நிதிப் பிரிவு உடனே முதல் வழியைக் காட்டும். ஆனால் தொழிலாளி ஒப்பந்தத்தை எடைபோடுவது முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான். கையில் மூவாயிரம் ஏறியிருந்தால் சங்கத் தலைவரின் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். முன்பாரம் அதிகமாக வைக்கச் சம்மதிக்கும் நிர்வாகம், அதற்கு ஈடாக, சங்கம் கடைசி நேரத்தில் கேட்கும் இன்னொரு 500 ரூபாயை விட்டுத்தரச் சொல்லலாம். அந்த 500 ரூபாய் உயர்வில் சேர்ந்துவிட்டால் 300 பேருக்கு ஆண்டுக்கு 18 லட்சம். அது ஒருபோதும் இறங்காது, அடுத்த பேச்சுவார்த்தையும் அதற்கு மேலிருந்துதான் தொடங்கும். 54 லட்சமோ ஒரே முறை போகும் பணம். இரு தரப்பும் இதை வெளிப்படையாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டால் யாரும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது.

அடுத்தது, உயர்வு எந்தத் தலைப்பில் சேர்கிறது என்பது. முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டும் ஆலையில், அடிப்படையில் 1,000 ரூபாய் ஏறினால் நிர்வாகம் 120 ரூபாய் பி.எஃப். சேர்த்துக் கட்ட வேண்டும். பணிக்கொடைக்கு மாதம் ஏறக்குறைய 48 ரூபாய் ஒதுக்க வேண்டும். பலரும் மறந்துவிடுவது ஒன்றுண்டு: பணிக்கொடை கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், புதிய ஆயிரம் பழைய ஆண்டுகளுக்கும் சேர்ந்தே ஏறும். 20 ஆண்டு சர்வீஸ் உள்ள ஒருவருக்கு 1,000 ரூபாயை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 20 ஆண்டுக்குக் கணக்கிட்டால், கையெழுத்தான அன்றே 11,538 ரூபாய் பொறுப்பு கூடுகிறது. இதற்குப் பயந்து முழு உயர்வையும் படிகளில் போட நினைக்கும் நிர்வாகங்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கப்படும் படிகளுக்கும் பி.எஃப். பிடிக்க வேண்டும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த வழி பெருமளவு அடைபட்டுவிட்டது. அதைவிட, ஓய்வை நெருங்கும் மூத்த தொழிலாளி இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்ப்பார். எல்லாமே படிகளில் போயிருந்தால், வாசலில் முதலில் எழும் குரல் அவருடையதாகத்தான் இருக்கும். இளையவர்கள் அவரைத்தான் நம்புவார்கள். அடிப்படையில் பாதி, படிகளில் பாதி என்று நேராகப் பேசி முடிப்பது நல்லது.

உறவு அதிகம் கசப்பது உற்பத்தி அளவில்தான். நிர்வாகம் உயர்வுக்கு ஈடாக ஷிப்டுக்கு 100 உருப்படியை 110 ஆக்கக் கேட்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட எண்ணைச் சங்கம் ஏற்றாலும் லைன் ஏற்காது. சரியான வழி மெதுவானது. நிர்வாகத்தின் பொறியாளரும் சங்கம் அனுப்பும் ஒருவரும் ஒரே ஸ்டாப்வாட்சோடு, வழக்கமாக அந்த மெஷினை ஓட்டும் தொழிலாளியின் அருகே ஒரு வாரம் நிற்க வேண்டும். டூல் மாற்ற ஆன நேரம், மெட்டீரியல் வராமல் நின்ற நேரம், கரண்ட் போன நேரம் எல்லாம் தனித்தனியாகக் குறிக்கப்பட வேண்டும். தொழிலாளியின் தவறில்லாமல் மெஷின் நின்ற நிமிடங்கள் கழிக்கப்படும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்துவிட்டால் 110-ஐ ஏற்பதில் பெரிய தகராறு வராது. அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும் ஃபோர்மேனுக்கும் தொழிலாளிக்கும் வாய்ச்சண்டை.

நிலுவைத்தொகையும் அப்படித்தான். பேச்சு பத்து மாதம் இழுத்தால், மாதம் 3,000 வீதம் ஆளுக்கு 30,000. மொத்தம் 90 லட்சம். கையெழுத்தான நாளிலிருந்துதான் அமலுக்கு வரும் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தால், தாமதத்தால் அதற்கு லாபம் என்ற எண்ணம் தொழிலாளர்களிடம் பதிந்துவிடும். அடுத்த முறை பேச்சு தொடங்கும்போதே வேலைநிறுத்த நோட்டீஸ் வரும். தொகை பெரிதென்றால் தீபாவளிக்கு முன் பாதி, பொங்கலுக்கு முன் பாதி என்று தருவதைச் சங்கம் பெரும்பாலும் ஏற்கும்.

யாரோடு கையெழுத்திடுவது என்பதில் நேரும் பிழை மற்ற எல்லாவற்றையும் வீணாக்கிவிடும். இருதரப்பும் தாமாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் 1947 தொழில் தகராறு சட்டத்தில் 18(1) எனப்பட்டது. அது கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன் முடியும் 12(3) ஒப்பந்தம், சங்கத்தில் இல்லாதவர்களையும் பின்னால் வேலைக்குச் சேருபவர்களையும் கட்டுப்படுத்தும். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள 2020 தொழில் உறவுத் தொகுப்பிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. ஆனால் எந்தப் பிரிவும், பெரும்பான்மை ஏற்காத கையெழுத்துக்கு உயிர் கொடுக்காது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. அக்டோபர் தொடக்கத்தில் நிர்வாகம் தொழிலாளர் குழு ஒன்றோடு உடன்பாடு கண்டது; வேலைநிறுத்தத்தில் இருந்த சங்கம் அதை ஏற்கவில்லை, போராட்டம் நிற்கவில்லை. அரசு நடத்திய பேச்சுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்றுதான் முடிவு வந்தது.

கையெழுத்துக்குப் பிந்தைய முதல் மாதங்களில், பேச்சின்போது காரமாகப் பேசிய சங்க நிர்வாகியை வேறு ஷிப்டுக்கோ வேறு பிரிவுக்கோ மாற்றக் கூடாது. காரணம் உண்மையாகவே வேலை தொடர்பானதாக இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒப்பந்தத்தின் தமிழ்ப் படி நோட்டீஸ் போர்டில் முழுமையாக ஒட்டப்பட வேண்டும். ஷரத்துகளுக்குப் பொருள் கொள்வதில் வரும் சந்தேகங்களுக்கு இருதரப்பிலும் இரண்டிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று மாதம் ஒருமுறை கூடி, தன் முடிவை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்; அதில் இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். அடுத்த கோரிக்கைப் பட்டியல் வரும்போது இரு தரப்பும் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் பதிவேடுதான்.