எதிரில் இல்லாதவருக்குச் சீட்டு

பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கும் நம்ம நாகமலை புதுக்கோட்டை மாதிரி ஊரில் சீட்டு பார்க்க வரும் இளைஞர்களின் கேள்வியை ஊகிக்கக் கிளி வேண்டாம். ‘அவள் மனசில் நான் இருக்கேனா?’, ‘பிரிஞ்சு போனவர் திரும்பி வருவாரா?’ என்பதுதான் அது. சீட்டு எடுக்கலாமா என்று நான் இங்கே விவாதிக்கவில்லை. சம்மதம் தராத, எதிரில் இல்லாத ஒருவரின் மனதை அந்தச் சீட்டில் வாசிக்கலாமா என்பதே என் கேள்வி. கூடாது என்பது என் முடிவு.

இந்தச் சிக்கல் நமக்குப் பழையது. சங்க அகப்பாடல்களில் மகள் மெலிந்து போகிறாள். தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து ‘முருகன் அணங்கியது’ என்று சொல்லி வெறியாடுகிறான். மெலிவுக்குக் காரணம் காதலன் என்பது மகளுக்கும் தோழிக்கும் தெரியும். மகளிடம் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். கேட்காததால் பாவம் ஓர் ஆடு பலியானது. புலவர்கள் வேலனைக் கேலி செய்ததில் வியப்பில்லை.

டாரோ சீட்டில் இதே தவறு கணக்கோடு நடக்கிறது. மொத்தம் 78 சீட்டு. அதில் காதலைக் குறிப்பதாகச் சொல்லும் கோப்பைச் சீட்டு 14. மூன்று சீட்டு எடுத்தால் ஒரு கோப்பையாவது வர ஏறக்குறைய 45 விழுக்காடு வாய்ப்பு. விடை பிடிக்காமல் மறுநாளும் அதற்கு மறுநாளும் எடுத்தால், மூன்று நாளில் ஒரு தடவையாவது வர 84 விழுக்காடு. அந்தப் பெண்ணின் மனதில் எதுவும் மாறவில்லை. கேட்டவரின் பிடிவாதம்தான் கூடியது. ஒரே கேள்விக்கு மறுபடி சீட்டைக் கலைக்கச் சொல்கிறார் என்றால், அவர் விடை தேடவில்லை, அனுமதி தேடுகிறார்.

‘அவளுக்குத் தெரியவே போவதில்லை, என்ன கெடுதல்?’ என்பார்கள். விடை சீட்டோடு நிற்பதில்லை. ‘உள்ளுக்குள் விருப்பம் இருக்கு’ என்று கேட்டவன் அவள் சொன்ன ‘வேண்டாம்’ என்பதை நாணம் என்று எடுத்துக்கொள்கிறான். பேருந்து நிறுத்தத்தில் போய் நிற்கிறான். வாயால் சொன்ன மறுப்பைச் சீட்டு அழித்துவிடுகிறது.

‘ஆண்டாளே கூடல் இழைத்தாளே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து முனைகள் சேர்கின்றனவா என்று பார்ப்பது கூடல். அங்கே ஏங்குபவளே வரைகிறாள். அது அவள் ஆசையின் வட்டம். அவன் நெஞ்சுக்குள் இருப்பதைக் காசு வாங்கிக்கொண்டு அறுதியிட்டுச் சொல்ல மூன்றாம் ஆள் அங்கே இல்லை.

எல்லை இதுதான்: ‘நான் ஏன் இன்னும் காத்திருக்கிறேன்?’ என்று கேட்கலாம். அடுத்தவர் படம், நட்சத்திரம், ரகசியம் சீட்டின் முன் வரக்கூடாது. சீட்டு பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘அவள் என்ன நினைக்கிறாள்?’ என்று யாராவது கேட்டால், சீட்டைக் கலைக்கும் முன்பே காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.