பந்து எங்கே நிற்க வேண்டும்?

மெஷின் லேர்னிங் படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்கு முதலில் குறுக்கே வந்து நிற்கும் பாடம் கிரேடியண்ட் டிசெண்ட். சரிவைப் பார்த்துப் பார்த்துக் கீழே இறங்கும் முறை என்று இதைச் சொல்லலாம். பல வகுப்பறைகளில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பள்ளத்தை வரைவார், அதன் ஓரத்தில் ஒரு பந்தை வைப்பார். பந்து உருண்டு அடியில் போய் நிற்கும், கணினியும் அப்படித்தான் கற்கிறது என்பார். இந்தப் பந்து எவ்வளவு தூரம் உதவுகிறது, எந்த இடத்தில் மாணவரைத் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். அருகில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கு மேல் எதுவும் வராது.

பந்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். எடப்பாடியில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஒரு விசைத்தறியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அது 1 மணி நேரம் ஓடி 5 மீட்டர் துணி நெய்தது. இன்னொரு நாள் 2 மணி நேரம் ஓடியது. நடுவில் பாவு நூல் அறுந்து கொஞ்ச நேரம் நின்றதால் 7.5 மீட்டர்தான் வந்தது. இவ்வளவுதான் நம்மிடம் இருக்கும் விவரம். இந்தத் தறி மணிக்கு எத்தனை மீட்டர் நெய்யும் என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும்.

கணினிக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஏதோ ஓர் ஊகத்தில் தொடங்கும், பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 0 மீட்டர் என்றால் முதல் நாள் கணிப்பு 0, உண்மை 5. கணிப்பிலிருந்து உண்மையைக் கழித்தால் பிழை, கழித்தல் 5. இரண்டாம் நாள் பிழை, கழித்தல் 7.5. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் 40.625 வரும். இதற்குத்தான் லாஸ் என்று பெயர். நம் ஊகம் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரே எண்ணில் கிடைக்கும் அளவு இது.

அடுத்து, ஊகத்தைக் கூட்டுவதா குறைப்பதா, எவ்வளவு? இதற்குப் பதில் சொல்வது சரிவு, அதாவது லாஸின் வகைக்கெழு. வர்க்கத்தை வகையிடும்போது முன்னால் ஒரு 2 வரும், இரண்டு நாளுக்குச் சராசரி எடுப்பதால் கீழே ஒரு 2 இருக்கும். இரண்டும் அடிபட்டுப் போகும். மிச்சமிருக்கும் வேலை சுலபமானது. ஒவ்வொரு நாளின் பிழையையும் அன்றைய மணி நேரத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். முதல் நாள் கழித்தல் 5 பெருக்கல் 1, கழித்தல் 5. இரண்டாம் நாள் கழித்தல் 7.5 பெருக்கல் 2, கழித்தல் 15. கூட்டினால் கழித்தல் 20. சரிவு கழித்தலில் வந்தால் ஊகத்தைக் கூட்டினால் லாஸ் குறையும் என்று பொருள்.

அப்படியே 20 கூட்டிவிடக் கூடாது. சரிவை ஒரு சிறிய எண்ணால் பெருக்கி அந்த அளவுக்கு மட்டும் நகர வேண்டும். அந்த எண் லேர்னிங் ரேட். அதை 0.1 என்று வைத்தால் 20-இல் பத்தில் ஒரு பங்கு, 2. புதிய ஊகம் மணிக்கு 2 மீட்டர். மறுபடி அதே கணக்கு: கணிப்புகள் 2, 4. பிழைகள் கழித்தல் 3, கழித்தல் 3.5. மணி நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் கழித்தல் 10. பத்தில் ஒரு பங்கு 1, ஊகம் 3 ஆகிறது. அடுத்த முறை சரிவு கழித்தல் 5, ஊகம் 3.5. அதற்கடுத்து 3.75. லாஸ் 40.625-லிருந்து 10.625, பிறகு 3.125, 1.25, 0.78 என்று இறங்குகிறது.

இது போய்ச் சேரும் இடம் 4. அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மணிக்கு 4 மீட்டர் என்றால் முதல் நாள் கணிப்பு 4, உண்மை 5, பிழை கழித்தல் 1. இரண்டாம் நாள் கணிப்பு 8, உண்மை 7.5, பிழை கூட்டல் 0.5, அதை 2 மணியால் பெருக்கினால் கூட்டல் 1. இரண்டும் சேர்ந்து பூஜ்யம். எந்த நாளின் பிழையும் தனியாகப் பூஜ்யமாகவில்லை. ஒரு நாள் மேலே இழுக்கிறது, இன்னொரு நாள் கீழே இழுக்கிறது, இழுப்பு சரிக்குச் சரியாக இருப்பதால் ஊகம் நகரவில்லை. லாஸும் 0.625-க்குக் கீழே போகாது. லாஸ் பூஜ்யம் ஆகவில்லையே, நிரலில் எங்கோ தவறு என்று தேடும் மாணவர்கள் உண்டு. பாவு நூல் அறுந்த நேரத்தை ஒற்றை எண்ணால் விளக்கிவிட முடியாது, அந்த 0.625 அதனால் மிஞ்சியது.

இப்போது பந்தைக் கொண்டு வருவோம். பள்ளத்தில் இடம் வலமாக இருப்பது நம் ஊகம், மேல் கீழாக இருப்பது லாஸ். பந்து பூஜ்யத்தில் தொடங்கி 4-இல் இருக்கும் அடிப்புள்ளியை நோக்கிப் போகிறது. தன் காலடிச் சரிவைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை, பள்ளம் முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. இந்த ஒரு செய்தியைப் பந்தைப் போல் வேறு எதுவும் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடாது. அதனால் பந்தை வகுப்பிலிருந்து விரட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் நாம் போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள். நகர்ந்த அளவு 2, பிறகு 1, பிறகு அரை, பிறகு கால். அடியை நெருங்க நெருங்க நகர்வு சுருங்குகிறது. உண்மைப் பந்து அடியில்தான் மிக வேகமாக ஓடும், தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பி வரும். நம் முறைக்கு அந்த வேகம் கிடையாது. ஒவ்வொரு அடியிலும் நின்று, சரிவை அளந்து, ஒரே தாவாகத் தாவுகிறது. முன்பு எந்தத் திசையில் வந்தோம் என்ற நினைவே அதற்கு இல்லை.

இதைத் தெரிந்துகொள்ளாத மாணவர் எங்கே இடறுவார்? லேர்னிங் ரேட்டை 0.4 ஆக்குங்கள். பூஜ்யத்தில் சரிவு கழித்தல் 20, நகர்வு 8. ஊகம் 4-ஐத் தாண்டி 8-க்குப் போய்விட்டது. அங்கே சரிவு கூட்டல் 20, எட்டைக் கழித்தால் மறுபடி பூஜ்யம். 0, 8, 0, 8 என்று முடிவே இல்லாமல் ஆடும், லாஸ் 40.625-லேயே நிற்கும். பந்துதான் ஆடுகிறது, சற்றுப் பொறுத்தால் அடங்கிவிடும் என்று மாணவர் காத்திருப்பார். அடங்காது. உராய்வு என்று எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

0.5 ஆக்கினால் இன்னும் மோசம். 0, 10, கழித்தல் 5, 17.5 என்று ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தள்ளித் தள்ளிப் போகும். எந்தப் பந்தும், சும்மா விட்டால், தொடங்கிய உயரத்துக்கு மேலே ஏறாது. இங்கே ஏறுகிறது. மாணவர் மனத்தில் பதிய வேண்டிய அடையாளம் இதுதான். இப்படிச் சராசரி எடுத்துப் போடும் கணக்கில் லாஸ் தொடங்கிய இடத்தைவிட உயர்ந்து, மேலும் உயர்ந்துகொண்டே போனால், தாவல் பெரிதாகிவிட்டது. அப்படியே ஓடவிட்டால் கடைசியில் திரையில் எண்ணுக்குப் பதில் `nan` என்று வந்து நிற்கும். முதலில் கை வைக்க வேண்டியது லேர்னிங் ரேட்டில்.

கிரேடியண்ட் டிசெண்ட் முறையை 1847-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி எழுதினார். வானியல் கணக்குகளுக்காக யோசித்தது அது. உருளும் பந்தின் உந்தத்தை உண்மையிலேயே கணக்குக்குள் கொண்டு வந்தவர் சோவியத் நாட்டின் போரிஸ் பொல்யாக், 1964-இல். அவர் முறைக்குக் கனத்த பந்து முறை என்றே பெயர் நிலைத்திருக்கிறது. முந்தைய நகர்வில் ஒரு பங்கைப் புதிய நகர்வோடு சேர்த்துக்கொள்வதுதான் அதன் சாரம். ஆக, பந்து என்பது கோஷியின் முறைக்குப் படமாக வந்து சேர்ந்தது, பொல்யாக்கின் முறைக்கோ அதுவே கணக்கு.

சென்னை ஐ.ஐ.டி.யின் மித்தேஷ் காப்ரா நடத்திய ஆழ்கற்றல் பாடத்தைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அவரும் இரண்டே புள்ளிகளை வைத்துத்தான் தொடங்குகிறார். முதலில் ஊகித்து ஊகித்து எண்களை மாற்றிப் பார்க்கச் சொல்கிறார், பிறகு சரிவுக்கு வருகிறார். சமதளம் போன்ற இடங்களில் முறை ஊர்ந்து செல்வதைக் காட்டிய பிறகு, உந்தத்தைச் சேர்க்கும்போதுதான் சரிவில் உருளும் பந்து வருகிறது. அந்த வரிசை எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. கை கணக்குப் போட்டுப் பழகிய மாணவருக்கு, எது தன்னிடம் இல்லை என்று தெரிந்திருக்கும். பந்து வந்து அதைக் கொடுக்கும். முதல் நாளே பந்தைக் கொடுத்துவிட்டால், இல்லாத வேகத்தை இருப்பதாக நம்பி, பின்னால் உந்தம் எதற்கு என்று கேட்பார்.

பந்து வாய் திறக்காத இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அதே தறி, அதே துணி. மணிக்குப் பதில் நிமிடத்தில் எழுதுங்கள். 1 மணி 60 ஆகிறது, 2 மணி 120 ஆகிறது. இனி நாம் தேடும் எண் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்பது, விடை 15-இல் ஒரு பங்கு. பூஜ்யத்தில் தொடங்கினால் பிழைகள் முன்போல் கழித்தல் 5, கழித்தல் 7.5. அவற்றை 60-ஆலும் 120-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கழித்தல் 1200. லேர்னிங் ரேட் அதே 0.1. புதிய ஊகம் 120. ஒரு தறி நிமிடத்துக்கு 120 மீட்டர் நெய்யும் என்கிறது கணினி! அடுத்த அடியில் அது கழித்தல் இரண்டு லட்சத்துக்கும் கீழே போய்விடும்.

மணியில் ஒழுங்காக நடந்த கணக்கு நிமிடத்தில் ஏன் சிதறியது? எண்கள் 60 மடங்கு பெரிதானால் பள்ளத்தின் வளைவு 60-இன் வர்க்கமாக, 3600 மடங்கு கூடுகிறது. மணியில் லேர்னிங் ரேட் 0.4-க்குக் கீழே இருந்தால் போதும். நிமிடத்தில் அது 9000-இல் ஒரு பங்குக்குக் கீழே இருந்தாக வேண்டும். தறி ஓடிய நிமிடங்களோடு நூலின் விலை, தறியின் வயது என்று பல விவரங்கள் ஒரே அட்டவணையில் வரும்போது சிக்கல் இறுகும். ஒரு பத்தியின் எண்கள் ஆயிரங்களில் இருக்கும், இன்னொன்றின் எண்கள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். பெரிய பத்திக்குப் பொருந்தும் ரேட்டை வைத்தால் சிறிய பத்தியின் ஊகம் அசையவே அசையாது. சிறியதற்கு ஏற்ப வைத்தால் பெரியது சிதறிவிடும். அதனால்தான் ஒவ்வொரு பத்தியையும் அதன் சராசரியைக் கழித்து, அதன் பரவலால் வகுத்து, ஏறக்குறைய ஒரே அளவுக்குள் கொண்டு வந்த பிறகு இறங்கத் தொடங்குகிறார்கள்.