என்ன உடம்புக்கு என்று கேட்டால்?
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த நேரத்தில் ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறேன். மனசு முடியாமல் போனால் ஒரு நாள் லீவு எப்படிக் கேட்பது? என்ன வியாதி என்று சொல்லாமலே எப்படிக் கேட்பது?

காய்ச்சல் என்றால் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். நாலு நாளாகத் தூக்கம் இல்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்றால் வாய் வராது. அதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று தெரிந்தால், "அதுக்குப் பைத்தியம்"னு ஒரே நாளில் கடை முழுக்கப் பரவிவிடும். அந்தப் பயத்தில் பாட்டியைச் சாகடித்து லீவு வாங்குகிறவர்களும் உண்டு! அடுத்த மாசம் பாட்டி உயிரோடு கடைக்குச் சேலை எடுக்க வந்தால் என்ன செய்வது?

நம் உறுப்பினர் ஒருத்தர் டவுனில் ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் மருந்து வாங்குகிறார். என்ன வியாதி என்று இந்த மேடையிலும் சொல்லமாட்டேன். அவருக்கு நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்துக் கொடுத்தது இதுதான்.

தமிழ்நாடு கடைகள் சட்டம், 1947 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி ஒரு வருஷத்தில் உடம்பு சரியில்லை என்று 12 நாள் வரை, வேறு நியாயமான காரணத்துக்கு 12 நாள் வரை, சம்பளத்தோடு லீவு கேட்கலாம். ஒரு நாள் லீவுக்கு இந்த இரண்டாவது வகையே போதும். அதற்கு டாக்டர் சீட்டு காட்ட வேண்டிய வேலையே வராது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் கேட்டால் கிடைப்பது கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும். சட்டத்தில் இருந்தும் சம்பளத்தைப் பிடிக்கிற கடைகளும் உண்டு.

முதல் நாள் சாயங்காலமே, சூப்பர்வைசர் ஒருத்தருக்கு மட்டும் அவர் இப்படி மெசேஜ் போட்டார்:

"சார், எனக்கு உடம்பு சரியில்லை. நாளை செவ்வாய்க்கிழமை ஒரு நாள் லீவு வேண்டும். புதன்கிழமை காலை வழக்கம்போல வந்துவிடுவேன். என் செக்ஷனைப் பக்கத்து கவுண்டர் அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்."

அவ்வளவுதான். மனசும் உடம்பில் சேர்ந்ததுதானே, இதில் பொய் எதுவும் இல்லை. என்றைக்கு, எத்தனை நாள், வேலையை யார் பார்ப்பார்கள் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் கேட்கிறவருக்குப் பாதிக் கேள்வி குறைந்துவிடும். கடை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால்தான் நாற்பது பேர் "என்னாச்சு?" என்று கேட்பார்கள்.

சூப்பர்வைசர் விடவில்லை. போன் பண்ணி, "என்ன உடம்புக்கு?" என்றார். "கொஞ்சம் முடியல சார், ஒரு நாள் ஓய்வு எடுத்தா சரியா இருக்கும். புதன்கிழமை வந்துடுறேன்" என்று சொன்னார். மறுபடி கேட்டபோதும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். புதுசாக ஒரு காரணம் சேர்த்தால் அதிலிருந்து இன்னொரு கேள்வி பிறக்கும்.

ஒரு நாளுக்கு மேல் போய் சீட்டு கேட்டால்தான் கவனம் வேண்டும். சீட்டில் வியாதி பெயர் எழுதாவிட்டாலும், மனநலப் பிரிவு என்ற முத்திரையே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதனால் எழுதும் முன்பே டாக்டரிடம், "வேலை இடத்தில் காட்டணும் சார், ஓய்வு தேவைன்னு மட்டும் எழுத முடியுமா, வெறும் ஆஸ்பத்திரி பெயர் உள்ள சீட்டில் தர முடியுமா" என்று கேளுங்கள். நம்முடைய மனநல சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் மருத்துவர்களைக் கட்டுப்படுத்துகிறது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் கைகொடுக்காது. அவர்கள் முதல் நாளே சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மாற்றி வந்து செய்கிறேன் என்று பேசிப் பார்க்கலாம்.

இன்னொன்று. இரண்டு வாரமாகியும் மனசு தேறவில்லை, சாகலாம் போல இருக்கிறது என்றால் அது ஒரு நாள் லீவில் தீராது. 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கடையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். நம் வாரக் கூட்டத்தில் என்ன நடக்கிறது? வராதவர் அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் காரணம் சொல்லணும், இல்லாவிட்டால் அபராதம். அதைத் தீர்மான நோட்டில் வேறு எழுதுகிறோம். அந்த நோட்டை யார் யாரெல்லாம் புரட்டுகிறார்கள்! எங்கள் குழுவில் இப்போது, முன்கூட்டித் தகவல் சொன்னவருக்கு "தகவல் கொடுத்து விடுப்பு" என்று மட்டும் எழுதுகிறோம். சந்தாவை வேறு கையில் கொடுத்தனுப்பினால் அபராதம் இல்லை. உங்கள் குழுக்களிலும் இதைத் தீர்மானமாக வைக்க முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசிவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.